ஆலை, கடை, லொறி மூன்றுக்கும் ஒரே ஆறு நடத்தைகள்: மதிப்பிடுவதற்கு அவற்றை எப்படித் தெரிவது?

கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில், ஏ9 வீதியோரம் இருக்கும் ஓர் அரிசி ஆலையில் எனக்குக் கணக்கு வேலை. ஆலையோடு ஒரு மொத்த விற்பனைக் கடையும் இரண்டு லொறியும் உண்டு. முதலாளியைச் சேர்க்காமல் 23 பேர். ஆட்களின் லீவு, சம்பளம், சேமலாப நிதி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதனால் "இனி ஆட்களுக்கு வருசத்தில ரெண்டு தரம் புள்ளி போடுவம்" என்று முதலாளி சொன்ன நாளில், அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆலைக்குள் ஒரு மேற்பார்வையாளரை நியமிக்க வேண்டும். இரண்டு பேர் அந்த இடத்துக்குத் தகுதியாகத் தெரிந்தார்கள். ஒருவரைப் போட்டால் மற்றவர் "ஏன் நான் இல்லை" என்று கேட்பார். அப்போது சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும்.

எத்தனை மூட்டை இறக்கினார், எத்தனை கிலோ விற்றார் என்ற எண்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் எண்களில் வராத ஒன்று உண்டு. ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது. அதைத்தான் நடத்தை என்று சொல்கிறோம். எல்லா வேலைக்கும் பொருந்தும் ஐந்து அல்லது ஆறு நடத்தைகளை எப்படித் தெரிவது? எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழியில் போய்ச் சறுக்கினோம். இரண்டாவதில் பாதி தூரம் போய்த் திரும்பினோம். மூன்றாவதில் இப்போது நிற்கிறோம்.

முதல் வழி கடன் வாங்குவது. முதலாளியின் மருமகன் கொழும்பில் பெரிய கம்பனி ஒன்றில் வேலை. அங்கே பாவிக்கும் படிவத்தை அனுப்பிவைத்தார். தலைமைத்துவம், புத்தாக்கம், குழுவுணர்வு, நேர்மை, உற்சாகம், அர்ப்பணிப்பு என்று மொத்தம் 12 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. நல்ல தமிழில்தான் மொழிபெயர்த்திருந்தார்கள். முதலாளியும் நானும் ஒரு பின்னேரத்தில் 23 பேருக்கும் போட்டு முடித்துவிட்டோம். வேலை லேசாக முடிந்ததில் எங்களுக்குச் சந்தோசம்.

அடுத்த நாள் சாக்குத் தைக்கும் அக்கா என் மேசைக்கு வந்தார். ஆலையில் மிகப் பழைய ஆட்களில் ஒருவர். அவரது கடதாசியில் "உற்சாகம்" என்ற தலைப்புக்கு நேரே இரண்டு என்று இருந்தது.

"தம்பி, இது நான் சிரிக்கிறேல்லை எண்டதுக்கோ?"

எனக்குப் பதில் வரவில்லை. முதலாளி அந்த இரண்டைப் போட்டபோது மனதில் வைத்திருந்தது அதைத்தான். அந்த அக்காவின் வீட்டில் 2009இல் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வன்னியில் இது எந்த வேலைத்தலத்திலும் வரக்கூடிய சங்கடம். முகத்தில் தெரியும் கலகலப்புக்குப் புள்ளி போட்டால் நாங்கள் வேலையை அளக்கவில்லை, ஒருவரின் வாழ்க்கையை அளக்கிறோம். அவர் தைத்த சாக்கு வாய் பிரிந்ததாக எந்தக் கடையும் முறையிட்டதில்லை. அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஓர் இடமும் இல்லை.

அந்தப் படிவத்தின் பிழை அந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. உற்சாகம், அர்ப்பணிப்பு, பொறுப்புணர்வு எல்லாம் குணங்களின் பெயர்கள். குணத்தை நேரில் பார்க்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஊகம் என்று வந்துவிட்டால், ஒருவரைப் பற்றி நமக்கு ஏற்கெனவே இருக்கும் மொத்த அபிப்பிராயம் எல்லாத் தலைப்புக்குள்ளும் புகுந்துவிடும். 1920இல் தோர்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், இராணுவத்தில் மேலதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட புள்ளிகளைப் பார்த்து இதையே எழுதினார். உடற்கட்டுக்கு நல்ல புள்ளி வாங்கியவர் அறிவுக்கும் குணத்துக்கும் நல்ல புள்ளியே வாங்கியிருந்தார்.

எங்களிடமும் அதே கதைதான். மூட்டை தூக்கும் தம்பி ஒருவர் 2018 டிசம்பர் வெள்ளத்தன்று, வீதியில் தண்ணீர் ஏறிய பிறகும் நடந்து வந்து நெல் மூட்டைகளை மேல் தட்டுக்கு ஏற்றினார். முதலாளி அதை மறக்கவே மாட்டார். மறக்கவும் கூடாது. ஆனால் அந்த ஒரு நாள், இத்தனை வருசம் கழித்து, "புத்தாக்கம்" என்ற தலைப்பிலும் அவருக்கு ஐந்து வாங்கிக் கொடுத்திருந்தது! அவரையும் இன்னும் ஓரிருவரையும் விட்டால், மற்ற எல்லாருக்கும் பெரும்பாலும் மூன்று. தெரியாத இடத்தில் நாங்கள் நடுவில் போட்டுவிட்டோம்.

கடன் வாங்கிய பட்டியல் எங்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெரிய கம்பனியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் விளக்கமும் பயிற்சியும் இருந்திருக்கும். எங்களுக்கு வந்தது தலைப்புகள் மட்டும்தான்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஒரு பட்டியல். இது கேட்க நியாயமாக இருக்கும். லொறிச் சாரதியின் வேலை வேறு, காசாளரின் வேலை வேறு. ஒரே கோலால் எப்படி அளப்பது? எங்களிடம் எட்டு வகை வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு என்றால் 48 நடத்தைகள். நான் இயந்திரம் ஓட்டுபவருக்கும் சாரதிக்கும் எழுதி முடித்து, தராசுக்காரருக்கு வந்தபோது தைமாதம் பிறந்துவிட்டது. காலபோக அறுவடை தொடங்கியதும் உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நின்றன. அந்த இரண்டு மாதமும் எங்கள் ஆலையில் யாருக்கும் தனக்கென்று ஒரு வேலை கிடையாது. சாரதி மூட்டை இறக்குவார். காசாளர் தராசடியில் நின்று சிட்டை எழுதுவார். இயந்திரம் ஓட்டும் அண்ணை ஈரப்பதம் பார்ப்பார்.

அப்படியானால் காசாளருக்கு எந்தப் பட்டியலில் புள்ளி போடுவது? வருசத்தில் பத்து மாதம் ஒரு பட்டியல், இரண்டு மாதம் இன்னொன்றா? சின்ன நிறுவனத்தில் தனிப்பட்டியல் உடைவது இந்த இடத்தில்தான். இன்னொரு குறையும் இருந்தது. மேற்பார்வையாளர் இடத்துக்கு இருந்த இரண்டு பேரில் ஒருவர் இயந்திரக்காரர், மற்றவர் களஞ்சியப் பொறுப்பாளர். வேறு வேறு பட்டியலில் புள்ளி போட்டுவிட்டு இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. நாங்கள் இதைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

தனிப்பட்டியல் பொருந்தும் இடங்களும் உண்டு. ஒரே வேலையை இருபது முப்பது பேர் செய்யும் இடம் என்றால், உதாரணமாக ஒரு ஆடைத் தொழிற்சாலை என்றால், அந்த வேலைக்கென்று உட்கார்ந்து எழுதுவது வீண்போகாது. எட்டு வேலைக்கு 23 பேர் உள்ள இடத்தில் அது நேர விரயம்.

மூன்றாவது வழியில் நடத்தைகள் எல்லாருக்கும் பொது, உதாரணங்கள் மட்டும் வேலைக்கு வேலை வேறு. ஆறு வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் "இது சாரதியிடம் எப்படித் தெரியும், காசாளரிடம் எப்படித் தெரியும்" என்பதை ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் எழுதிவைக்க வேண்டும். எட்டு வேலையையும் நான்கு கூட்டமாகச் சேர்த்தோம். ஆலைக்குள் நிற்பவர்கள், தராசும் களஞ்சியமும், லொறி, கடையும் கணக்கும். ஒவ்வொரு நடத்தைக்கும் கூட்டத்துக்கு ஒரு நல்ல உதாரணம், ஒரு கூடாத உதாரணம். மொத்தம் 48 வாக்கியங்கள். எண்ணிக்கையில் குறைவில்லைதான். ஆனால் ஒரு வாக்கியத்தையும் நாங்கள் கற்பனையில் எழுதவில்லை. எல்லாம் ஆலையில் நடந்தவை.

அவற்றைச் சேர்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொதுப் பட்டியல் எழுத எண்ணும் பலர் இந்த இடத்தில்தான் குறுக்கு வழி தேடுவார்கள். முதலாளியும் நானும் உட்கார்ந்து "எங்களுக்கு என்ன முக்கியம்" என்று யோசித்திருந்தால் திரும்பவும் நேர்மை, அர்ப்பணிப்பு என்றுதான் வந்திருக்கும். அதற்குப் பதிலாக ஆட்களிடம் கேட்டோம். "கடைசி மூன்று மாதத்தில், கூட வேலை செய்யும் ஒருவர் செய்த காரியத்தால் உங்கள் வேலை லேசான ஒரு சம்பவம் சொல்லுங்கள். வேலை கஷ்டமான ஒரு சம்பவமும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். என்ன நிலைமை, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, இந்த மூன்றும் போதும்." எழுத விரும்பாதவர்கள் வாயால் சொல்ல நான் எழுதினேன். இது புதிய முறையொன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் விமானிகளைத் தெரிவுசெய்யப் பாவித்து, 1954இல் ஃபிளனகன் என்பவர் விளக்கி எழுதிய முறை.

23 பேரிடம் 41 துண்டுக் கடதாசிகள் வந்தன. ஒன்றை அப்படியே தருகிறேன். "ரெண்டாம் ஊறல் தொட்டியில நெல் கிடந்தது. எப்ப தண்ணி விட்டதெண்டு எழுதேல்லை. முதல்நாள் நிண்ட ஆள் போன் எடுக்கேல்லை. இன்னும் ஊறட்டும் எண்டு விட்டன். அவிச்சுக் காய வைக்கேக்க மணத்துப்போச்சு." புழுங்கல் அரிசி தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். பச்சைத்தண்ணீரில் நெல் அளவுக்கு மிஞ்சி ஊறினால் புளித்த வாசம் ஏறும். அவித்தாலும் போகாது, சோற்றிலும் வரும். அந்தத் தொட்டி அரிசியை விலை குறைத்துத்தான் விற்றோம். கதவருகில் தொங்கும் பலகையில் ஒரு நேரத்தை எழுதியிருந்தால் போதும்.

துண்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றுபோல் இருந்தவற்றை ஒன்றாக வைத்தோம். ஒன்பது குவியல் வந்தது. ஒன்பதும் வேண்டாம். புள்ளி போடுபவர் ஒவ்வொன்றையும் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும், அது ஆறு வரைக்கும்தான் நடக்கும் என்பது எங்கள் அனுபவம். 12 தலைப்புப் படிவத்தில் ஏழாவதுக்குப் பிறகு முதலாளியின் பேனை ஆளின் பெயரைப் பார்க்காமலே ஓடியது. மூன்று மட்டும் வைத்தால் மறுபக்கம் பிழை: ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் இரண்டு மூன்று விசயங்களை அடைக்க வேண்டி வரும்.

குறைப்பதற்குச் சில கேள்விகள் வைத்திருந்தோம். முதலாவது, எல்லா வேலையிலும் இதைச் செய்ய வாய்ப்பு உண்டா? "தானாகப் புது வழி கண்டுபிடித்தல்" இங்கே விழுந்தது. மூட்டை தூக்கும் தம்பிமாருக்கு எதை எப்போது ஏற்றுவது என்று மற்றவர்தான் சொல்கிறார்கள். வாய்ப்பே தராத ஒன்றுக்குப் புள்ளி கேட்பது அநியாயம். அடுத்தது, யாராவது இதை மாதத்துக்கு இரண்டு தடவையாவது கண்ணால் பார்ப்பார்களா? பார்க்காவிட்டால் அது ஊகம். பிறகு, அந்த ஆள் நினைத்தால் மாற்றக்கூடியதா? வேகமாகத் தூக்குதல் என்று ஒரு சின்னக் குவியல் இருந்தது. காலில் இன்னும் எறிகணைத் துண்டு இருக்கும் ஒருவரிடம் வேகம் கேட்டுப் புள்ளி குறைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அதை எடுத்துவிட்டோம்.

நேரத்துக்கு வருவதையும் எடுத்தோம். அதற்கு வரவுப் பதிவேடு இருக்கிறது. எண்ணிக்கையாகத் தெரிந்த ஒன்றுக்குத் திரும்பவும் அபிப்பிராயம் கேட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

நேர்மையை எடுக்கலாம் என்று நான் சொன்னதும் முதலாளிக்குக் கோபம் வந்தது. "களவு இல்லாம இருக்கிறதுதானே முதல் விசயம்?" உண்மைதான். ஆனால் நேர்மைக்கு ஐந்தில் மூன்று என்றால் என்ன பொருள்? பாதி நாள் களவு, பாதி நாள் இல்லை என்றா? ஒன்றில் எல்லாரும் முழுப் புள்ளி, இல்லாவிட்டால் விசாரணை. அது புள்ளிப் படிவத்தில் வர வேண்டிய விசயமே இல்லை, ஒழுக்காற்று நடவடிக்கைக்குரியது. நேர்மை என்று எழுதியிருந்த துண்டுகளைத் திரும்ப வாசித்தபோது, அவற்றில் முக்கால்வாசி களவைப் பற்றியே இல்லை. பிழை நடந்ததை மறைத்தது பற்றி. அதிலிருந்துதான் எங்கள் பட்டியலின் மிகப் பயனுள்ள வரி வந்தது.

கடைசியில் நின்றவை இவை. ஆலையின் அறிவித்தல் பலகையில் இதே சொற்களில்தான் இருக்கின்றன.

ஒன்று: வேலையைக் கைமாற்றும்போது, அடுத்தவருக்குத் தெரிய வேண்டியதைக் கேட்காமலே சொல்வார் அல்லது எழுதிவைப்பார்.
இரண்டு: பிழையோ நட்டமோ நடந்தால், மற்றவர் கண்டுபிடிக்க முன் தானே சொல்வார்.
மூன்று: சொன்ன நேரத்துக்கு முடிப்பார். முடியாது என்று தெரிந்தால் நேரம் வர முன்பே அறிவிப்பார்.
நான்கு: கையை விட்டுப் போக முன் எண்ணி, அளந்து, ஒருமுறை சரிபார்ப்பார்.
ஐந்து: விவசாயி, வாடிக்கையாளர், கூட வேலை செய்பவர், தனக்குக் கீழ் உள்ளவர் யாராயிருந்தாலும் மரியாதையாகப் பேசுவார்.
ஆறு: தன் வேலை குறைந்த நேரத்தில், நெருக்கடியில் நிற்பவருக்குக் கை கொடுப்பார்.

முதல் இரண்டும் ஒன்றுதானே, இரண்டும் "தகவல் சொல்வது"தானே என்று முதலாளி கேட்டார். நல்ல கேள்வி. ஒன்றில் நல்ல பேரும் மற்றதில் கெட்ட பேரும் வாங்கும் ஓர் ஆள் எங்களிடம் இருக்கிறாரா என்று தேடினோம். இருந்தார். இயந்திரக்காரர் ஒருவர் பலகையில் நேரம், சல்லடை மாற்றியது, பட்டி தளர்ந்தது எல்லாம் அச்செழுத்துப்போல எழுதிவைப்பார். ஆனால் தன் கையால் ஒன்று உடைந்தால் மட்டும் அந்தப் பலகையில் ஒரு வரியும் வராது. அப்படி ஒருவர் இருக்கும்வரை இரண்டும் இரண்டுதான். யாரைப் பார்த்தாலும் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான் விழும் என்றால் சேர்த்துவிடலாம். பட்டியல் எழுதும் எவருக்கும் இந்தச் சோதனையைச் சொல்வேன். பத்து நிமிசத்தில் முடியும்.

இரண்டாவது வரி நான்கு கூட்டத்திலும் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிறேன். லொறியில்: வவுனியாக் கடைக்கு 25 கிலோப் பைகள் ஏற்றிப் போகும்போது இரண்டு பை கிழிந்துவிட்டது. சாரதி முறிகண்டியில் நிறுத்தியபோது பார்த்தார். (அங்கே நிறுத்தாத லொறி எது? தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள்.) அங்கிருந்தே கடைக்கு அழைத்து "ரெண்டு பை குறையும், அடுத்த லோட்டில வரும்" என்றார். நல்ல உதாரணம் இதுதான். கூடாத உதாரணமும் அதே பாதையில் நடந்தது: கிழிந்த பையை அடியில் வைத்து இறக்கிவிட்டு வந்துவிட்டார், மூன்றாம் நாள் கடைக்காரர் எனக்கு அழைத்துச் சத்தம் போட்டார். தராசில்: விவசாயியின் நெல்லுக்கு ஈரப்பதம் 14 என்று எழுதிவிட்டு, அடுத்த மூட்டையைப் பார்க்கையில் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிகிறது. உழவு இயந்திரம் வாசலைத் தாண்ட முன் கூப்பிட்டு "திரும்பப் பாப்பம் ஐயா" என்றால் நல்லது. பேசாமல் இருந்துவிட்டால் களஞ்சியத்தில் நெல் வெப்பமேறும்போதுதான் தெரியவரும். கடையில்: மீதிக்காசு கூடக் கொடுத்ததை அன்று மாலை கணக்கு முடிக்க முன் சொல்வது ஒன்று, குறைவு வந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்பது மற்றது. ஆலைக்குள் கூடாத உதாரணம், தன் கையால் உடைந்ததை எழுதாத அந்த இயந்திரக்காரர்தான்.

மற்ற வரிகளுக்கும் இப்படித்தான் எழுதினோம், எல்லாவற்றையும் இங்கே கொட்டத் தேவையில்லை. நான்காவது வரி மட்டும் தானாகவே வந்துவிட்டது. எண்ணாத வேலை எங்களிடம் இல்லை. சாக்குத் தைக்கும் அக்காவுக்கு நல்ல உதாரணம் அவரே சொன்னது: தைத்த பிறகு வாயைப் பிடித்து ஒருக்கால் இழுத்துப் பார்ப்பார். அது எங்களுக்குத் தெரியாமலே வருசக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

உதாரணம் எழுதுவதில் ஒரு பொறி உண்டு. உதாரணத்தையே சட்டமாக எடுத்துக்கொள்வார்கள். "நான் முறிகண்டியில இருந்து போன் எடுக்கேல்லை, மாங்குளத்தில இருந்துதான் எடுத்தன், புள்ளி குறையுமோ?" என்று ஒரு சாரதி பகிடியாகக் கேட்டார். பகிடி என்றாலும் கேள்வி நியாயமானது. அதனால் ஒவ்வொரு உதாரணத்துக்கும் முன்னால் "இதுபோல" என்று சேர்த்தோம்.

புள்ளிக்கு ஐந்துக்குப் பதிலாக நான்கு படி வைத்தோம். அரிதாக, சிலவேளை, பெரும்பாலும், அனேகமாக எப்போதும். நல்லவர், சுமார் என்ற சொற்களை விட "எத்தனை முறை" என்று கேட்பது இந்த வகை வரிகளுக்குப் பொருந்தும். நடுவில் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. கூடவே ஒரு விதி: ஒன்றோ நான்கோ போடுபவர், திகதியோடு ஒரு சம்பவமாவது எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் இரண்டு அல்லது மூன்றுதான். வெள்ளத்து நாயகனுக்கு இந்த விதி வந்ததும் நான்குகள் சில இறங்கின. ஆறாவது வரியில் மட்டும் நான்கு நின்றது. அதுவும் இந்த வருசச் சம்பவத்தோடுதான்.

இனிச் சோதனை. பட்டியலைப் பலகையில் ஒட்ட முன், முதலாளியும் களஞ்சியப் பொறுப்பாளரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதே ஐந்து பேருக்குப் புள்ளி போட்டார்கள். மொத்தம் 30 புள்ளிச் சோடிகள். 25இல் இருவரும் ஒரே புள்ளி, அல்லது ஒரு படிதான் வித்தியாசம். ஐந்தில் இரண்டு படி வித்தியாசம். அந்த ஐந்தில் மூன்று ஒரே வரியில், மரியாதையாகப் பேசும் வரியில். காசாளரான தங்கச்சிக்கு முதலாளி நான்கு போட்டிருந்தார், பொறுப்பாளர் இரண்டு.

இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். முதலாளி நினைத்தது வாடிக்கையாளரை. கடைக்கு வரும் யாரிடமும் அவள் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பொறுப்பாளர் நினைத்தது மூட்டை தூக்கும் தம்பிமாரை. முற்பணம் கேட்டு வந்தால் "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று நிற்கவைப்பாளாம். இருவர் சொன்னதும் சரி. பிழை வரியில்தான் இருந்தது. அப்போது அது "மற்றவருடன் மரியாதையாகப் பேசுவார்" என்று மட்டும் இருந்தது. "தனக்குக் கீழ் உள்ளவர்" என்ற சொற்கள் அன்று சேர்ந்தவை. இரண்டு பேரின் புள்ளி மோதினால் புள்ளி போட்டவர்களைக் குறை சொல்ல முன் வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். தனியே ஒருவர் மட்டும் புள்ளி போட்டிருந்தால் இந்த ஓட்டை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

மேற்பார்வையாளர் விசயத்துக்கு வருகிறேன். இயந்திரக்காரருக்கு ஒன்று, மூன்று, நான்கு ஆகிய வரிகளில் நான்கு, இரண்டாவதில் ஒன்று, மற்ற இரண்டிலும் மூன்று. ஒன்றுக்குரிய சம்பவம் திகதியோடு இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளருக்கு எல்லாவற்றிலும் மூன்று, இரண்டாவதில் நான்கு. (அவருக்கான புள்ளியை முதலாளியும் நானும் தனித்தனியாகப் போட்டோம். அவர் தனக்குத் தானே போடவில்லை.) கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 19. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருப்போம். ஆறு வரியையும் கூட்டி ஒரு எண்ணாக்குவது எனக்கு ஒத்துவரவில்லை. எந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறோமோ அதற்கு எந்த வரி உயிர் என்று முதலில் கேட்க வேண்டும். மேற்பார்வையாளரின் கீழ் பிழை மறைந்தால் ஆலை முழுக்க மறையும். களஞ்சியப் பொறுப்பாளரைப் போட்டோம். இயந்திரக்காரர் கேட்டார். சம்பவத்தைக் காட்டினோம். அவருக்குச் சந்தோசம் இல்லை, ஆனால் "அது நடந்ததுதான்" என்றார்.

சம்பளத்தோடும் தீபாவளிப் போனசோடும் இதை முதல் வருசம் இணைக்கவில்லை. காசு சேர்ந்தால் யாரும் யாருக்கும் இரண்டு போடமாட்டார்கள், எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் அல்லது அயல். அடுத்த வருசம் என்ன செய்வதென்று இன்னும் முடிவில்லை.

இரண்டு சுற்று முடிந்துவிட்டது. இப்போது ஆறாவது வரியில் ஒரு பிரச்சினை. 23 பேரில் 20 பேருக்கு மூன்று. எல்லாருக்கும் ஒரே புள்ளி விழும் வரி யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அறுவடைக் காலத்தில் எல்லாருமே கை கொடுக்கிறார்கள், மற்ற மாதங்களில் கொடுக்கத் தேவை வருவதில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். சிறுபோகம் முடிந்ததும் அதை எடுத்துவிட்டு ஐந்தோடு நிற்கலாம் என்பது என் எண்ணம். முதலாளி அந்த இடத்தில் "பொருட்களைப் பேணுதல்" வேண்டும் என்கிறார். சாரதிமாருக்கு அது பிடிக்கவில்லை. பழைய லொறியை ஓட்டுபவருக்கும் புது லொறியை ஓட்டுபவருக்கும் எப்படி ஒரே புள்ளி என்று கேட்கிறார்கள். திரும்பவும் துண்டுக் கடதாசி கொடுத்திருக்கிறேன், இதுவரை ஒன்பது வந்திருக்கிறது.